வயிற்று வலிக்கு எதற்கு நெஞ்சுப் படம்?

சேலத்தில் எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிற எங்களிடம் சளைக்காமல் கேட்கப்படும் கேள்வி இது. "வயித்து வலின்னுதானே வந்தோம், நெஞ்ச எதுக்குப் படம் புடிக்கறீங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதற்கு எனக்குக் கோபம் வந்ததே இல்லை. டாக்டர் சரியாக 'நிமிர்ந்த நிலையில் நெஞ்சுப் படம்' என்று எழுதி அனுப்பியும், ஆளைப் படுக்க வைத்தே ஒரு படத்தை எடுத்துவிட்டு, "காத்து தெரியல, அதனால ஓட்டை இல்ல" என்று முடிவு கட்டுகிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் கோபம் வரும். இந்தப் பதிவு அதைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரைப்பையிலோ அதை அடுத்த முன்சிறுகுடலிலோ இருக்கும் அல்சர் புண் ஆழமாகிக்கொண்டே போய் ஒரு நாள் சுவரைத் துளைத்துவிடும். உள்ளே இருந்த அமிலமும் காற்றும் வயிற்றறைக்குள் கசியும். அமிலம் பட்ட இடமெல்லாம் எரிந்து வலி எடுக்கும். காற்று வலிக்காது, ஆனால் நமக்குத் துப்புக் கொடுப்பது அதுதான். ஆளை நிமிர்த்தி உட்கார வைத்தால் அந்தக் காற்று மேலே ஏறி வயிற்றறையின் கூரையில், அதாவது உதரவிதானத்தின் அடியில் போய் நிற்கும். உதரவிதானம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கூடாரம் போல் கிடக்கிற தசை. எக்ஸ்ரேயில் காற்று கறுப்பாகவும், ஈரலும் தசையும் வெளுப்பாகவும் விழும். சாதாரணமாக வலது பக்கம் உதரவிதானமும் அதன் கீழே ஒட்டியிருக்கும் ஈரலும் ஒரே வெளுப்பாக ஒன்றிப் போவதால், உதரவிதானம் தனியாகத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் காற்று புகுந்துவிட்டால் மேலே நுரையீரலின் கறுப்பு, கீழே புகுந்த காற்றின் கறுப்பு, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடாக உதரவிதானம் என்று பிரிந்து நிற்கும். கீழே இருக்கிற அந்தக் கறுப்புப் பிறையைத்தான் தேடுகிறோம்.

அதற்கு வயிற்றுப் படமே போதாதா? போதாது என்பது என் கட்சி. வயிற்றுப் படத்துக்குக் கதிரைத் தொப்புளை ஒட்டிய உயரத்தில் வைத்து அடிக்கிறோம். அது உதரவிதானத்தை அடையும்போது கீழிருந்து மேலே சாய்வாகப் போகும், மெல்லிய பிறை ஈரலின் நிழலோடு கலந்துவிடும். நெஞ்சுப் படத்தில் கதிர் உதரவிதானத்தின் உச்சிக்குப் பக்கத்து உயரத்தில் கிடைமட்டமாகப் போய் அதன் வளைவைத் தொட்டுக்கொண்டு செல்வதால் விளிம்பு கூர்மையாக விழும். போதாததற்கு வயிற்றுப் படத்துக்குக் கதிரின் அளவும் அதிகம். நாம் பார்க்க வேண்டிய இடம் ஏற்கெனவே கருகிப் போயிருக்கும், கருகிய இடத்தில் கறுப்பை எங்கே தேடுவது?

இப்போது ஒரு கேஸைச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஏற்காட்டுக்கு மேலே காபி எஸ்டேட்டில் வேலை செய்யும் ஐம்பது வயது தாண்டிய ஒருவர். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக் மாத்திரை வாங்கி, மாதக்கணக்கில், பாதி நாள் வெறும் வயிற்றில் டீயோடு போட்டுக்கொண்டிருந்தார். பீடியும் உண்டு. பழம் பறிக்கிற சீசன், காலையில் கூடையோடு நிற்கும்போது மேல் வயிற்றில் வலி பிடித்தது. அந்த வலி எத்தனை மணிக்கு, எந்த வரிசையில் நிற்கும்போது வந்தது என்று அவரால் சொல்ல முடிந்தது. சாதாரண வயிற்று வலிக்கு யாரும் மணி சொல்ல மாட்டார்கள். ஓட்டை விழுந்த வலிக்குச் சொல்வார்கள்.

ஜீப்பின் பின் சீட்டில் படுக்க வைத்து இருபது கொண்டை ஊசி வளைவையும் இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கத்தியிருக்கிறார், ஆனால் புரளவில்லை. கல்லடைப்பு வலிக்காரர் நிலைகொள்ளாமல் உருளுவார். வயிற்றறைக்குள் அமிலம் கசிந்தவர் அசைந்தாலே வலிக்கும் என்பதால் முட்டியை மடக்கிக்கொண்டு கிடந்த கிடையாகக் கிடப்பார். வலது தோள்பட்டையும் வலிக்கிறது என்று நடுவில் சொன்னாராம், வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உதரவிதானத்தின் அடியில் எரிச்சல் ஏற்பட்டால் அந்த வலி தோளில் தெரியும். நரம்பு வரும் வழி அப்படி.

மலை இறங்கியதும் முதலில் போன இடத்தில் ஸ்ட்ரெச்சரிலேயே ஒரு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். "காத்து ஒண்ணும் இல்ல, கேஸ் டிரபிள்தான்" என்று ஒரு ஊசி. ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி கொஞ்சம் தணிந்துவிட்டது. வீட்டார் திரும்பவும் மலை ஏறிவிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். அந்தத் தணிவு ஆளை ஏமாற்றும். வயிற்றறையில் ஊறும் நீர் அமிலத்தைக் கரைப்பதால் சில மணி நேரம் வலி குறைவதுண்டு, அதற்குள் கிருமி பெருகத் தொடங்கியிருக்கும். மகன் மட்டும் "வயிறு பலகை மாதிரி இருக்குதுங்க சார், இளகவே இல்ல" என்று பிடிவாதமாக எங்கள் இடத்துக்குக் கூட்டி வந்தார். டியூட்டி டாக்டர் கை வைத்துப் பார்த்ததுமே மறுபடியும் நெஞ்சுப் படம் கேட்டார்.

கையில் பழைய படம் இருந்தது. அதில் நான் முதலில் தேடியது இடது பக்கம், இரைப்பையின் காற்றுக் குமிழ். ஆள் உண்மையிலேயே நிமிர்ந்திருந்து, கதிரும் கிடைமட்டமாகப் போயிருந்தால், அந்தக் குமிழின் அடி ரசமட்டம் வைத்த மாதிரி நேர்கோடாக இருக்கும், இரைப்பைக்குள் இருக்கும் நீரின் மட்டம் அது. இந்தப் படத்தில் அப்படிக் கோடு எதுவும் இல்லை. படத்தின் மூலையில் 'நிமிர்ந்து எடுத்தது' என்று மார்க்கர் போட்டிருந்தாலும் நான் அந்தக் கோட்டைத்தான் நம்புவேன். படுத்திருக்கும்போது வெளியேறிய காற்று தொப்புளுக்கு நேர் பின்னால், முன் வயிற்றுச் சுவரின் அடியில் பரவிக் கிடக்கும். மேலிருந்து அடிக்கும் கதிருக்கு அது பிறையாக விழாது. ஆக, அந்தப் படம் காற்று இல்லை என்று சொல்லவே இல்லை. கேள்வியே கேட்கப்படவில்லை, பதில் மட்டும் எழுதிவிட்டார்கள்.

பிரஷர் தாங்குகிறதா என்று டாக்டர் பார்த்துச் சரி சொன்ன பிறகு, டிரிப் ஓடிக்கொண்டிருக்க, அவரை வீல் சேரில் நேராக உட்கார வைத்தோம். பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். காற்று குடல் மடிப்புகளுக்கு நடுவிலும் ஈரலின் விளிம்பிலும் மாட்டிக்கொண்டு இருக்கும், வழி கண்டுபிடித்து மேலே வர அதற்கு நேரம் வேண்டும். படுத்திருந்தவரைத் தூக்கி நிறுத்தி உடனே பட்டனை அழுத்தினால் கொஞ்சமாக இருக்கிற காற்று வந்து சேர்ந்திருக்காது. 1971-இல் மில்லர், நெல்சன் என்ற இருவர் இப்படிப் பொறுமையாகக் காத்திருந்து எடுத்தால் 1 மில்லி லிட்டர் காற்றைக்கூடப் படத்தில் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். வரிசையில் பத்து பேர் நிற்கும்போது ஒருவரைச் சும்மா உட்கார வைத்திருப்பது கஷ்டம்தான். அவருடைய மனைவியே, "ஏஞ் சாமி, வலியில துடிக்கறாரு, இப்படி உக்கார வச்சிருக்கீங்களே" என்று கேட்டுவிட்டார். "காத்து மேல வரணுங்கம்மா, வந்தாத்தான் படத்துல தெரியும்" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது, ஆனால் பக்கத்தில் நின்று அவர் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டூலில் உட்கார வைத்து, நெஞ்சைப் பலகையோடு அணைத்து எடுத்தோம். இடப்பக்கம் இரைப்பைக் குமிழ், அதன் அடியில் நேர்கோடு. வலப்பக்கம் ஈரலுக்கு மேலே, சில மில்லி மீட்டர் தடிமனில், விலா எலும்பு ஒன்றைக் குறுக்காகக் கடந்து போகிற கறுப்புப் பிறை. திரையில் படம் வந்ததும் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்தேன். வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் போட்டு, ஆன்டிபயாடிக் ஏற்றி, அன்றே ஆபரேஷனுக்கு எடுத்தார்கள். முன்சிறுகுடலின் முன்பக்கச் சுவரில் ஓட்டை. அதன் மேல் ஓமென்டம் என்கிற கொழுப்புத் திரையின் ஒரு துண்டை வைத்துத் தைத்து மூடினார்கள். பின்பக்கச் சுவரில் புண் இருந்திருந்தால் பெரும்பாலும் இரத்தப் போக்காக வந்திருக்கும். முன்பக்கம் என்பதால் இப்படி.

சரி, பத்து நிமிடம் உட்கார வைத்து ஒழுங்காக எடுத்தும் பிறை இல்லை என்றால்? அப்போதும் ஓட்டை இல்லை என்று சொல்ல முடியாது. அல்சர் ஓட்டை விழுந்தவர்களில் சுமாராக நான்கைந்து பேரில் ஒருவருக்குக் காற்று தெரியாமலே போகலாம். ஓமென்டம் போய் அடைத்திருக்கலாம், இல்லை கசிந்த காற்றே குறைவாக இருக்கலாம். குடல்வால் வெடித்தால் பெரும்பாலும் காற்றே வெளிவராது. ஆகவே வயிறு கல்லாக இருந்து படம் சுத்தமாக இருந்தால் வயிற்றைத்தான் நம்ப வேண்டும். அடுத்தது சிடி ஸ்கேன், அதில் மிகச் சின்னக் காற்றுக் குமிழ்கூடத் தெரியும். உட்காரவே முடியாதவரை, பிரஷர் விழுந்துவிட்டவரை, பிறைக்காகப் பிடித்து நிமிர்த்துவதும் தப்பு. இடப்பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்து, அதே பத்து நிமிடம் பொறுத்து, கிடைமட்டக் கதிரில் எடுத்தால் காற்று ஈரலுக்கும் விலாப்பக்கச் சுவருக்கும் நடுவில் வந்து நிற்கும். ஏன் இடப்பக்கம் கீழே என்றால், மறுபக்கம் படுத்தால் மேலே வருவது இரைப்பை. அதன் சொந்தக் காற்றும் வெளிக்காற்றும் குழம்பிவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சிலருக்குப் பெருங்குடலின் ஒரு வளைவு ஈரலுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். 1910-இல் இதை விவரித்த சிலைடிட்டி பெயரில்தான் இன்றும் சொல்கிறார்கள். பார்த்தால் பிறைதான், ஆனால் உற்றுப் பார்த்தால் உள்ளே பெருங்குடலின் மடிப்புக் கோடுகள் குறுக்கே ஓடும். வெளியேறிய காற்றில் அப்படி மடிப்பு இருக்காது. அப்புறம், சில நாட்களுக்கு முன் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவருக்குக் காற்று மிச்சம் இருப்பது இயல்பு. ஆகவே வயிற்றில் புதுத் தழும்பு இருந்தால் எங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு புலம்பல். ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, செல்போனில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி "காத்து இருக்கா பாருங்க" என்று கேட்கிறார்கள். வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற அந்தப் படத்தில் முதலில் அழிவதே இந்த மெல்லிய கோடுதான். டிஜிட்டல் ஃபைலையே வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், இப்போது பெரும்பாலான சென்டர்களில் கேட்டால் சிடியில் போட்டுக் கொடுப்பார்கள்.