பத்து எண்டு சொன்னீங்கள், மூண்டுதான் இருக்கு

"தம்பி, நீங்கள் பத்து எண்டு சொன்னீங்கள். நான் விரல் விட்டு எண்ணிப் பாத்தன், மூண்டுதான் இருக்கு."

விசுவமடுவில் மிளகாய் செய்யும் ஓர் அம்மா என் சித்தியின் மகனிடம் நேரில் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. கடையில் மிச்சக்காசு குறைந்தால் எப்படிச் சொல்வோமோ, அப்படித்தான் சொன்னார். அவன் யூடியூபில் பயிர்ச்செய்கை வீடியோ போடுகிறான், வெட்டி ஒட்டிக் கொடுப்பது நான். அந்தத் தலைப்பை இருவருமாகச் சேர்ந்துதான் வைத்தோம்: "மிளகாய் இலைச்சுருளுக்கு 10 தீர்வுகள்".

தலைப்பில் எண் போடுவதை நான் குறை சொல்ல வரவில்லை. எண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது. எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், எங்கே முடியும் என்று பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிகிறது. தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துத்தான் இடம். ஆனால் கணினி விசிறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணும். "மிளகாய்" நமக்கு நாலு எழுத்து, அதற்கு ஏழு. "பத்து" என்று எழுதினால் ஐந்து போய்விடும், 10 என்றால் இரண்டோடு சரி. கைபேசியில் தலைப்பின் வால் வெட்டுப்படும்போது முன்னால் நிற்கும் எண் தப்பிவிடும். இதெல்லாம் உண்மை. அதனால்தான் எண்ணை முதலில் வைத்துவிட்டு, அதை நிரப்பப் பொருள் தேடும் பழக்கம் வந்துவிடுகிறது.

நாங்களும் அதைத்தான் செய்தோம். இலைச்சுருளைப் பற்றி அவனுக்கு உண்மையில் தெரிந்தது மூன்று விஷயம். இலை விளிம்பு மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் அது பெரும்பாலும் பனிப்பூச்சி. கீழ்நோக்கிச் சுருண்டு, இலைக்காம்பு நீண்டு, குருத்திலை ஒடுங்கினால் அது சிற்றுண்ணி. இலை சிறுத்து, கொத்தாகச் சுருங்கி, செடியே குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். முதலிரண்டுக்கும் மருந்து உண்டு, ஆனால் ஒன்றுக்கு அடிப்பது மற்றதற்குச் சரிவராது. உண்ணிக்குக் கந்தகம் அடிப்பார்கள், பனிப்பூச்சிக்கு அதை நம்பி இருக்க முடியாது. மூன்றாவதற்கு மருந்தே இல்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மற்றச் செடிகளுக்கு வெள்ளை ஈ பரவாமல் பார்க்க வேண்டியதுதான். ஒரே செடியில் பனிப்பூச்சியும் உண்ணியும் சேர்ந்து வருவதும் உண்டு, அப்போது அனுபவக்காரருக்கே குழப்பம்தான்.

இவ்வளவுதான் சரக்கு. மிளகாய் செய்பவருக்கு இது பெரிய சரக்கு. ஆனால் அவன், "மூண்டு எண்டு போட்டால் ஆர் அண்ணை அமத்துவினம்? பத்து எண்டு போடுவம்" என்றான். நானும் தலையாட்டினேன். அளவாகத் தண்ணீர் விடுங்கள், களை பிடுங்குங்கள், நல்ல விதை வாங்குங்கள் என்று இன்னும் ஏழு சேர்த்தோம். பத்தாவது என்ன தெரியுமா? "உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்." பத்தாவதுக்காகக் காத்திருந்தவருக்கு அதுதான் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து யூடியூப் ஸ்டூடியோவில் எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் கோட்டைத் திறந்து பார்த்தோம். தலைப்பு தன் வேலையைச் செய்திருந்தது, ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் மூன்றுவரை கோடு மெல்ல மெல்லத்தான் இறங்கியது. நாலாவது, அதுதான் அந்தத் தண்ணீர், தொடங்கிய இடத்தில் பள்ளம். பிறகு கடைசியில் ஒரு சின்ன மேடு. எண்ணிட்ட வீடியோவில் இதைப் பார்த்தால் நான் ஒன்றைத்தான் நினைப்பேன்: நடுவில் நம்பிக்கை விட்டுப்போய், கடைசியிலாவது ஏதும் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் நல்ல உயரமான மேடு இருந்தது. வெள்ளைத்தாளின்மேல் குருத்தைத் தட்டி, விழுந்த பனிப்பூச்சிகள் ஊர்வதைக் காட்டிய இடம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் பத்தில் ஒன்றுகூட அந்தத் தாளுக்கு ஈடாகவில்லை, ஏனென்றால் தாள் காட்டியது, மற்றவை சொன்னவைதான்.

அந்த அம்மா எண்ணியதும் இந்தக் கோடும் ஒன்றையே சொல்கின்றன. எண் போட்ட உடனே பார்ப்பவர் எண்ணத் தொடங்கிவிடுகிறார். தலைப்பில் எண் இல்லாமல் இதே ஏழையும் சொல்லியிருந்தால் அலட்டல் என்று மட்டும் நினைத்திருப்பார். எண் போட்டதால் ஏமாற்றம் என்று நினைத்தார். இந்த வித்தியாசத்தை நான் அதுவரை யோசிக்கவே இல்லை.

அந்த வீடியோவை நாங்கள் தூக்கவில்லை. தலைப்பையும் முகப்புப் படத்தையும் எப்போதும் மாற்றலாம், போட்ட கோப்பை மாற்ற முடியாது. ஆனால் ஸ்டூடியோவிலேயே வேண்டாத துண்டுகளை வெட்டி எடுக்கலாம், சுட்டி அப்படியே இருக்கும். அந்த ஏழு துண்டுகளையும் வெட்டினோம். தொடக்கத்தில் அவன் வாயால் "பத்து" என்று சொல்லும் இடத்தையும் வெட்ட வேண்டியிருந்தது, அதை மறந்திருந்தால் பொய் உள்ளேயே இருந்திருக்கும். புதுத் தலைப்பு: "மிளகாய் இலை மேலே சுருளுதா, கீழே சுருளுதா? 3 காரணம், 3 வேறு வேலை". இங்கே மூன்று என்பது நாங்கள் தெரிந்தெடுத்த எண் இல்லை, செடி தந்த எண்.

இப்போது தலைப்பு வைக்குமுன் ஒரு வேலை செய்கிறோம். வீடியோவின் கீழே விளக்கத்தில் நேரம் குறித்தால் யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரிக்கும். முதலாவது 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குக் குறையக்கூடாது. அந்த அத்தியாயப் பெயர்களை முதலில் எழுதிப் பார்க்கிறோம். "தண்ணீர்", "பராமரிப்பு" என்று எந்தப் பயிருக்கும் பொருந்தும் பெயர்தான் வருகிறதென்றால் அது எண்ணிக்கையில் சேராது. பார்ப்பவரும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தானே உள்ளே வருகிறார்.

"ஒரு ஏக்கரில் இத்தனை லட்சம்" வகை எண்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கூலி, மருந்து, தண்ணீர் இறைக்கிற செலவு கழித்ததா, கழிக்காததா என்று சொல்லாத தொகையை எங்கள் ஊரில் யாரும் நம்புவதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. "வன்னியில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்" என்று எண் போட்டு வரும் வீடியோக்களில் இரணைமடு ஓர் எண், முறிகண்டிப் பிள்ளையார் ஓர் எண், முள்ளிவாய்க்கால் ஓர் எண், அடுத்தது ஒரு சாப்பாட்டுக் கடை. ஒரே பட்டியலில் எண் கொடுத்தால் எல்லாம் ஒரே இனம் என்று ஆகிவிடுகிறது. 2009 மே மாதத்தில் அங்கே உறவைப் பறிகொடுத்தவர் இதையெல்லாம் கைபேசியில் பார்க்கிறார். அந்த இடத்துக்கு எண் வேண்டாம். தனியாக எடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

நேற்று இரவு தம்பி நெல் வயலில் வரும் தத்தியைப் பற்றி அடுத்த வீடியோவுக்கான குறிப்பு அனுப்பியிருந்தான். ஆறு எழுதி, இரண்டைத் தானே வெட்டியிருந்தான்.

"அண்ணை, நாலுதான் தேறுது. நாலாவதுக்குக் காட்ட எங்களிட்டப் படம் இல்லை."

"அப்ப மூண்டு?"

"இல்லை, நாலாவது உண்மை. விடியவே வயலுக்குப் போவம், எடுத்துப் பாப்பம்."