பட்டாணி அளவு போட்டுவிட்டு ஐம்பது என்று சொல்லாதீர்கள்

சன்ஸ்கிரீன் பற்றிய அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன். கீழே நான் போட்ட கமெண்டுக்கு என்ன பதில் வந்தது என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே இனி பேசப் போவதில்லை. ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை.

எண்ணெய் வழிகிற சருமத்துக்குப் பட்டாணி அளவு சன்ஸ்கிரீன் போதும் என்கிறார் அந்தத் தம்பி. எஸ்பிஎஃப் 50 என்றால் ஐநூறு நிமிடம் தாங்குமாம், காலையில் ஒருமுறை போட்டால் சாயங்காலம் வரை கவலையே இல்லையாம். இரண்டுமே தப்பு. நம் ஊர் வெயிலில், நம் ஊர்ப் புழுக்கத்தில், பருவோடும் கரும்புள்ளியோடும் போராடுகிற பிள்ளைகள் அதை நம்பித்தான் ட்யூப் வாங்குகிறார்கள். கடலூரில் மருந்துக்கடை கவுன்ட்டருக்குப் பின்னால் பார்மசிஸ்டாக நிற்கிறவள் நான். அந்தப் பிள்ளைகள் என்னிடம்தான் வருகிறார்கள்.

ட்யூபில் போட்டிருக்கிற அந்த எஸ்பிஎஃப் எண் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். ஆய்வகத்தில் தன்னார்வலர்களின் முதுகில் ஒரு பகுதியில் க்ரீமைத் தடவுவார்கள், பக்கத்திலேயே ஒரு பகுதியை வெறுமனே விடுவார்கள். இரண்டிலும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, தோல் சிவக்க ஆரம்பிக்க எவ்வளவு கதிர் தேவைப்படுகிறது என்று பார்ப்பார்கள். க்ரீம் பூசிய தோல் சிவக்க ஐம்பது மடங்கு அதிகக் கதிர் தேவைப்பட்டால் அது எஸ்பிஎஃப் 50. அங்கே அளக்கப்படுவது கதிரின் அளவு, கடிகாரம் இல்லை. காலை ஏழு மணி வெயிலில் பத்து நிமிடமும் உச்சி வெயிலில் பத்து நிமிடமும் ஒன்றா? பிறகு எப்படி நிமிடக் கணக்கு வரும்?

இப்போது முக்கியமான இடம். அந்தச் சோதனையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் க்ரீம் தடவுகிறார்கள். உலகம் முழுக்க அதே அளவுதான். முகமும் முன்கழுத்தும் சேர்ந்து சுமார் 500 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கிராம் க்ரீம் வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அது வந்துவிடும். அவ்வளவு போட்டால்தான் ட்யூபில் எழுதியிருக்கிற ஐம்பது உங்களுக்குச் சொந்தம். பட்டாணி அளவு போட்டால் அந்த ஐம்பது ட்யூபின் மேலேயேதான் இருக்கும், முகத்துக்கு வராது.

இதைத்தான் அங்கேயும் சொன்னேன், இங்கேயும் திரும்பத் திரும்பச் சொல்வேன். எண் என்பது அளவோடு சேர்ந்தது.

எங்கள் கடைக்கு ஒரு பையன் வருவான். நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிற விற்பனைப் பிரதிநிதி, நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் மின்னும். "அக்கா, ஐம்பது போட்டும் முகம் கறுத்துக்கிட்டே போகுது, எண்பது தொண்ணூறு இருந்தா குடுங்க" என்று கேட்டான். ட்யூப் வாங்கி எவ்வளவு நாள் ஆகிறது என்று கேட்டேன். ஆறு மாதம் ஆகிறதாம், இன்னும் பாக்கி இருக்கிறதாம். ஐம்பது கிராம் ட்யூப் அது. தினமும் ஒரு வேளை சரியான அளவு போட்டிருந்தால் ஐம்பது நாளில் தீர்ந்திருக்க வேண்டும். ஆறு மாதம் என்றால் ஒரு நாளைக்குக் கால் கிராம் சொச்சம்தான் போட்டிருக்கிறான். அளவு கால்வாசியானால் பாதுகாப்பும் அந்த விகிதத்திலாவது இறங்கிவிடும், சில க்ரீம்களில் அதைவிட மோசமாகவே இறங்கும். அவன் முகத்தில் இருந்தது ஐம்பது இல்லை, பன்னிரண்டைத் தாண்டியிருந்தாலே பெரிது. இதில் தொண்ணூறு வாங்கி என்ன செய்வது?

ஏன் அவ்வளவு குறைவாகப் போட்டான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சோம்பல் இல்லை. அவன் வைத்திருந்தது கெட்டியான க்ரீம். அதற்கு அடியில் மாய்ஸ்சரைசர் வேறு. கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயவே காயாது, அதன் மேல் இந்த இரண்டும் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் முகம் பிசுபிசுவென்று ஆகிவிடும். அப்புறம் யார் இரண்டு விரல் அளவு போடுவார்கள்? தானாகவே கை சுருங்கிவிடும்.

அவனுக்கு இன்னும் பெரிய எஸ்பிஎஃப் எண்ணாகப் பார்த்துக் கொடுக்கவில்லை. மாய்ஸ்சரைசரை நிறுத்தச் சொன்னேன். எண்ணெய்ச் சருமத்துக்கு, இந்த ஈரக்காற்றில், சன்ஸ்கிரீனில் இருக்கிற ஈரப்பதமே பெரும்பாலும் போதும். க்ரீமுக்குப் பதில் ஜெல் அல்லது தண்ணீராக ஓடுகிற ஃப்ளூயிட் வகை. வீட்டில் இருக்கிற ஒரு விடுமுறை நாளில் முழு இரண்டு விரல் அளவும் போட்டு, கால் மணி நேரம் கழித்து ஒரு டிஷ்யூ பேப்பரை மூக்கில் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். லேசாக ஒட்டினால் பரவாயில்லை. பேப்பர் நனைந்து கண்ணாடி மாதிரி ஆனாலோ, தேய்த்தால் திரிதிரியாக உருண்டு வந்தாலோ அது அவனுக்கு ஆகாது. முகம் முழுக்கப் போடுவதற்கு முன் தாடை ஓரத்தில் சில நாள் போட்டுப் பார்க்கவும் சொன்னேன், புதுப் பரு கிளம்புகிறதா என்று தெரிந்துகொள்ள. டப்பாவில் 'நான்-காமெடோஜெனிக்', அதாவது தோல் துவாரத்தை அடைக்காது என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது, அந்தச் சொல்லைப் போட எல்லோரையும் கட்டுப்படுத்துகிற ஒரே சோதனை எதுவும் கிடையாது.

முழு அளவு போட்டும் முகத்தில் தாங்க முடிகிற முப்பது, பட்டாணி அளவு மட்டுமே தாங்குகிற ஐம்பதைவிட மேல். "முப்பதுக்கும் ஐம்பதுக்கும் வித்தியாசமே இல்லையா" என்று கேட்காதீர்கள், இருக்கிறது. முறையாகப் போட்டால் முப்பது சுமார் 3.3 சதவீதக் கதிரை உள்ளே விடும், ஐம்பது 2 சதவீதம் விடும். இரண்டையும் ஒரே அளவு போட முடிந்தால் ஐம்பதையே வாங்குங்கள். போட முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொன்றை அந்த வீடியோவில் தொடவே இல்லை. எஸ்பிஎஃப் என்பது முக்கியமாகத் தோலைச் சிவக்க வைக்கிற யூவிபி என்ற புற ஊதாக் கதிருக்கான எண். கறுக்க வைப்பதிலும், பரு போன இடத்தில் தங்குகிற தழும்பை இன்னும் அடர்த்தியாக்குவதிலும் யூவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும், பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாலும் வரும். அதற்காகத்தான் ஜப்பானில் பிஏ என்ற அளவை 1996-ல் கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருக்கிற கூட்டல் குறிகளை எண்ணிப் பாருங்கள். மூன்று என்றால் யூவிஏ கதிருக்கான பாதுகாப்பு எண் 8 முதல் 16-க்குள், நான்கு என்றால் 16 அல்லது அதற்கு மேல். ஐரோப்பியத் தயாரிப்பில் யூவிஏ என்ற எழுத்து ஒரு வட்டத்துக்குள் இருக்கும், எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது யூவிஏ பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தம். நம் நிறத்துக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எஸ்பிஎஃப் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பிஏவும் வட்டமும் இல்லாத ட்யூபை நான் எடுத்துக் கொடுப்பதில்லை. இதுவும் அதே இரண்டு விரல் அளவில்தான் வேலை செய்யும், மறக்க வேண்டாம்.

சரி, எனக்கு வந்த பதில்களுக்கு வருகிறேன்.

"கடைக்காரி கடைக்கு வியாபாரம் பார்க்கிறாள்" என்றார் ஒருவர். வியாபாரம் பார்க்கிறவளாக இருந்தால் அந்தப் பையனுக்குத் தொண்ணூறை விற்று அனுப்பியிருப்பேன். இதற்கு மேல் இதற்குப் பதில் இல்லை.

"பாட்டி சன்ஸ்கிரீனா போட்டாள், தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்" என்றார் இன்னொருவர். உங்கள் பாட்டி உச்சி வெயிலில் முக்காடு போடாமல் வெளியே போனாரா, சொல்லுங்கள். குடை, துண்டு, முந்தானை, திண்ணை நிழல், இவைதான் அவர் பாதுகாப்பு. தேங்காய் எண்ணெயை நம்பிப் பருமுகத்தோடு வெயிலில் நிற்கச் சொல்வது அநியாயம்.

பணத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் நான் கோபமில்லாமல் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நியாயமான கேள்வி. இரண்டு விரல் அளவு, வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நன்றாக வியர்த்துத் துடைத்தால் மறுபடியும் என்று கணக்குப் போட்டால் ஒரு ட்யூப் ஒரு மாதம்கூட வராது. தினக்கூலிக்குப் போகிற ஒருவருக்கு அதை நான் எழுதித் தரமாட்டேன். அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை, பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை முடிந்த அளவு நிழல். வாங்க முடிகிற கொஞ்சம் சன்ஸ்கிரீனை முகத்தில் துணி மறைக்காத இடத்தில் மட்டும் முழு அளவாகப் போடலாம். முகம் முழுக்க மெல்லிசாக இழுத்துவிடுவதைவிட அது மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் பணத்தையும் பிசுபிசுப்பையும் காரணமாக ஏற்க மாட்டேன். பருவுக்கு டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதித் தந்திருந்தால், அந்த மாத்திரை தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். சாதாரண வெயிலே சுட்டுவிடும். யூவிஏ கதிர்தான் அதில் பெரிய குற்றவாளி. எண்ணெய்ச் சருமக்காரர்கள்தான் அந்த மாத்திரையையும் சாப்பிடுகிறார்கள், "எண்ணெய் வழியுது" என்று சன்ஸ்கிரீனையும் விடுகிறார்கள். மூக்கும் கன்னமும் வெந்து வந்து நின்ற காலேஜ் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் யாரோ பட்டாணி அளவுதான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கடைசியாக, "உன் நிறத்துக்கு எதுக்கு சன்ஸ்கிரீன், இன்னுமா கறுக்கப் போற" என்று எழுதி, அதற்குச் சிரிப்பு எமோஜியும் வாங்கிக்கொண்டவருக்கு. எனக்கு வலித்தது. மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுப் பழகிய பேச்சுதான், ஆனாலும் வலித்தது. கறுப்புத் தோலில் மெலனின் அதிகம், அதனால் சீக்கிரம் சிவந்து வேகாது என்பது உண்மை. ஆனால் ஒரு பரு வந்து போனால் அந்தத் தழும்பு எங்களுக்குத்தான் அதிக அடர்த்தியாக, மாதக்கணக்கில் நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே எங்கள் தோலில் கறையை ஆழமாக்கும், அதனால்தான் மங்குக்காரர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனைச் சொல்கிறோம். துத்தநாக ஆக்சைடு அதிகமுள்ள வெள்ளைக் க்ரீமைப் பூசிச் சாம்பல் பூத்த மாதிரி தெரிந்து, அதற்கும் கேலி வாங்கி, சன்ஸ்கிரீனையே தூக்கிப் போட்ட பெண்களும் எங்கள் கடைக்கு வருகிறார்கள். நான் வெளுப்பதற்காக இதைப் போடவில்லை. என் நிறம் என் நிறமாகவே, கறை இல்லாமல் இருப்பதற்காகப் போடுகிறேன். அதற்கு எனக்கு உங்கள் அனுமதி வேண்டாம்.

எந்த பிராண்ட் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். உங்கள் ட்யூபை எடுத்துப் பாருங்கள். வாங்கிய தேதி ஞாபகம் இருந்தால் கிராமை நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு கிராம் வரவில்லை என்றால், அடுத்த எண்ணுக்குப் போகாமல் அடுத்த ஜெல்லைத் தேடுங்கள்.