கிருமிநாசினிக்கு அடங்காத இரத்தக் கழிச்சல்

பரவும் செய்தி: "குஞ்சு இரத்தமாகக் கழிந்தால் கூளத்தில் கிருமிநாசினி தெளித்தால் போதும், நோய் நின்றுவிடும், இல்லையேல் கோழியிடமிருந்து ஆட்டுக்குட்டிக்கும் ஒட்டிக்கொள்ளும்."

இரண்டும் தவறு. இந்நோய்க்குக் காரணம் ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி. கோழியைத் தாக்கும் இனங்கள் ஆட்டைத் தாக்குவதில்லை. குட்டிகளுக்கு நோய் மற்ற ஆடுகளின் புழுக்கையால் மாசடைந்த தீவனம், தண்ணீர், தரை வழியாகவே வருகிறது.

எச்சத்துடன் வெளிவரும் இதன் நுண்முட்டைகளின் தடித்த ஓட்டை வழக்கமான கிருமிநாசினிகள் துளைப்பதில்லை. மாறாக, அடிக்கடி தெளிக்கும் நீர் கூளத்தை ஈரமாக்கி, அவை முதிரத் துணைபுரிகிறது என்பதே என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

நான்கு வாரக் குஞ்சுகள் உள்ள கொட்டகையில் தண்ணீர்க் கலன் கசிகிறது என்று கொள்வோம். வெதுவெதுப்பான ஈரக் கூளத்தில் நுண்முட்டைகள் சுமார் 2 நாட்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. அவற்றைக் கொத்தி விழுங்கிய குஞ்சுகள், குருட்டுக்குடலைத் தாக்கும் இனமாக இருந்தால், 4 அல்லது 5 நாட்களில் இரத்தம் கழிகின்றன. ஆகவே இன்று தெரியும் இரத்தத்தின் காரணத்தை ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முந்தைய கசிவில் தேட வேண்டும்.

கூளத்தைக் கைப்பிடி எடுத்து அழுத்துங்கள். கையை விரித்ததும் உதிராமல் உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. அந்தப் பகுதியை அள்ளி அகற்றி, உலர்ந்த கூளமிட்டு, கலனைக் குஞ்சுகளின் முதுகு உயரத்துக்கு உயர்த்துங்கள். கழிச்சல் கண்ட அன்றே கால்நடை மருத்துவர் கூறும் அளவில் ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைக் குடிநீரில் முழுக் கூட்டத்துக்கும் கொடுக்க வேண்டும்.

குட்டிகளில் இரத்தம் தெரியாமலேயே கழிச்சலும் மெலிவும் மட்டும் காணப்படலாம் என்பதால், சாணப் பரிசோதனை அவசியம்.