வளைவு தட்டையானால் பிறப்பு நின்றுவிட்டதா?

“தேர்வுக் குறிப்பு: எஸ் வடிவ வளைவு தட்டையாகும் இடத்தில் உயிரினங்கள் இனப்பெருக்கத்தை நிறுத்திவிடுகின்றன. காரணம் கேட்டால் ‘உணவு தீர்ந்துவிட்டது’ என்று எழுதுங்கள். எல்லோருக்கும் அனுப்புங்கள்.”

எஸ் வடிவ வளைவு என்பது, ஓர் உயிரினக் கூட்டத்தின் எண்ணிக்கை காலப்போக்கில் வேகமாக உயர்ந்து பின் நிலைப்பதைக் காட்டும் கோடு. இந்தக் குறிப்பு அதைப் பற்றிச் சொல்லும் இரண்டு பகுதிகளும் தவறு. அட்டவணையில் பிறப்பு, இறப்பு எண்ணிக்கைகள் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். பாரமீசியம் என்ற ஒரு செல் உயிரிகள் 500 உள்ள குழாயில் ஒரு நாளில் 40 புதிதாகத் தோன்றி, 40 இறந்தால் மொத்தம் மாறாது. கோடு தட்டையாகவே தெரியும். பிறப்பு உண்மையிலேயே நின்றிருந்தால் இறப்பால் கோடு கீழே சரிந்திருக்கும்.

பாடநூல்களில் உள்ள சூத்திரமும் நிகர மாற்றத்தையே சொல்கிறது:

```
dN/dt = rN(1 − N/K)
```

இதில் N என்பது எண்ணிக்கை, dN/dt அது மாறும் வேகம். சூழல் தாங்கக்கூடிய எண்ணிக்கையான தாங்குதிறன் K = 500, வளர்ச்சி வீதம் r = நாளுக்கு 0.4 என்று கொள்வோம். N = 250 எனில் வளர்ச்சி நாளுக்கு 50; 450 எனில் 18; 500 எனில் 0. அந்தப் பூஜ்யம், பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்த பின் கிடைப்பது.

உணவைப் பற்றி அவசரப்பட வேண்டாம். வளைவின் வடிவம் மட்டும் கட்டுப்படுத்தும் காரணியைக் காட்டாது. இடப் பற்றாக்குறையோ சேர்ந்துவிட்ட கழிவோகூட அதே வடிவத்தைத் தரும். உணவை மட்டும் இரட்டிப்பாக்கிய குழாயின் தரவு வேண்டும். அங்கே கோடு 500-ஐத் தாண்டி உயர்ந்து நின்றால், உணவு ஒரு தடையாக இருந்தது உறுதி. உயரவில்லையென்றால் வேறு காரணியைத் தேட வேண்டும். உணவு முற்றிலும் தீர்ந்திருந்தாலோ, எண்ணிக்கை நிலைக்காமல் சரியும்.

தேர்வு எழுதும் பிள்ளைகளின் மதிப்பெண் இதில் இருக்கிறது. தயவுசெய்து அந்தக் குறிப்பை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.