மறைத்தால் மறைந்துவிடுமா?

அந்த ஸ்வீட் கடைப் பஞ்சாயத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கடைப் பெயரை நான் சொல்லவில்லை. அதன் முகநூல் பக்கத்தில், முறுக்கில் சிக்கு வாடை என்று ஒரு அம்மா படத்தோடு கமெண்ட் போட்டார். சற்று நேரத்தில் அது காணோம். அப்புறம் "இவர் போட்டிக் கடையின் ஆள்" என்று அவருடைய ஆர்டர் ஸ்கிரீன்ஷாட்டையே போன் நம்பரோடு போட்டார்கள். அவர் காசு கொடுத்து வாங்கியதற்குக் கடையே சாட்சி!

புகாரை வந்த இடத்திலேயே பதில் சொல்லி, அந்த இடத்திலேயே முடிக்க வேண்டும். இதை அந்தப் பக்கத்தில் சொன்னதற்குத்தான் நேற்று எனக்குப் "பொறாமை" என்று பட்டம் கிடைத்தது.

நானும் பொடி விற்கிறவள்தான். இரண்டு வருடம் முன்பு என் இட்லிப் பொடிக்கும் இதே சிக்கு வாடைப் புகார் வந்தது. கை நடுங்கியது. "மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று டைப் அடித்து, அனுப்பாமல் அழித்தேன். பிறகு எல்லாரும் பார்க்க எழுதினேன்: "மன்னியுங்கள் அக்கா. பாக்கெட்டின் தேதியை இன்பாக்ஸில் அனுப்புங்கள். நாளை மாலைக்குள் காரணத்தை இங்கேயே சொல்கிறேன்." ஒவ்வொரு தடவை அரைக்கும்போதும் ஒரு பாக்கெட்டை எடுத்து வைப்பேன். அந்தத் தேதிப் பாக்கெட்டைப் பார்த்தால் மூலையில் சீல் ஒட்டவில்லை. காற்று புகுந்து எள்ளின் எண்ணெய் கெட்டிருக்கிறது. அன்றைய பொடி வாங்கிய 22 பேரையும் போனில் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பினேன். அதே கமெண்டின் கீழே காரணத்தையும் எழுதினேன். அந்த அக்கா அதற்கப்புறம் வாங்கவே இல்லை, உண்மைதான். சும்மா படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வாங்கினார்கள்.

"இன்பாக்ஸ் வாங்க" என்பதோடு நிறுத்துகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். உள்ளே பணமே கொடுத்திருந்தாலும் வெளியே புகார் மட்டும் தொங்கும்.

"பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் சரிப்படுமா?" 2003 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் கேட்பரி சாக்லேட்டில் புழு கிடைத்தது. கடைக்காரர்கள் சரியாக வைக்கவில்லை என்றுதான் கம்பெனி முதலில் சொன்னது. அந்தப் பதில் எடுபடவில்லை. 2004 ஜனவரியில் உறையையே மாற்றி, அமிதாப் பச்சனை வைத்துப் பேச வேண்டியதாயிற்று.

"பொய்ப் புகார் போட்டால்?" வாங்கிய தேதியை எல்லார் முன்னாலும் கேளுங்கள், போதும். "கெட்ட வார்த்தையில் திட்டினால்?" அதைத் தூக்குங்கள், யார் வேண்டாம் என்றது? முறுக்கு நாறுகிறது என்பது கெட்ட வார்த்தையா?

நேற்று அந்த ஸ்வீட் கடையின் பக்கத்தில் நான் மரியாதையாகத்தான் எழுதினேன். என் கண்ணுக்கு அந்தக் கமெண்ட் தெரிகிறது. முகநூலில் மறைத்த கமெண்ட், அதைப் போட்டவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் தெரியும். என் தங்கைக்குத் தெரிகிறது. நட்பில் இல்லாத எதிர்வீட்டு அக்காவின் போனில் தேடினோம், இல்லை. அந்த அக்காதான் தீபாவளிக்கு அந்தக் கடையில் ஐந்து கிலோ சொல்லியிருந்தவர்.