"உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் யாரும் கருத்துச் சொல்வதில்லை

இன்ஸ்டாகிராமில் மாடித்தோட்டம், சமையல், தையல் என்று உருப்படியான விஷயம் எழுதுகிற தமிழ்ப் பக்கங்கள் நிறைய வந்துவிட்டன. படம் தெளிவாக இருக்கும், குறிப்பும் சரியாக இருக்கும். கேப்ஷனின் கடைசி வரிக்கு வந்தால் மட்டும் "உங்க கருத்து என்ன? கமெண்ட்ல சொல்லுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். கீழே போய்ப் பார்த்தால் நாலு எமோஜி, ரெண்டு "சூப்பர்", ஒரு "அருமை சகோ". படித்தவர்களில் அதே வேலையைப் பல வருடமாகக் கையால் செய்கிறவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் ஒரு வார்த்தை எழுதாமல் அடுத்த பதிவுக்குப் போய்விட்டார்கள். அதற்குக் காரணம் அந்தக் கேள்விதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே ஒரு பதிவை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். மாடித்தோட்டப் பக்கம் ஒன்று. செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் எப்படித் தயாரிப்பது என்று ஐந்து படங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவ சோப்பு. முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்துவிட்டு, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். நேரடியாகத் தண்ணீரில் எண்ணெயை விட்டால் மேலே மிதக்கும், தெளிப்பானில் கடைசியாக வருவது வெறும் எண்ணெயாக இருந்து இலையைக் கருக்கும். ஒரு கிளையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்குத் தெளிக்கணும். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, ஏழு நாளுக்கு ஒரு முறை என மூன்று தடவை. நல்ல பதிவு. இதற்குக் கேள்வி எழுதணும்.

"உங்க கருத்து என்ன?" என்று கேட்டால் வேப்பெண்ணெயைப் பற்றிக் கருத்து என்று யாருக்கு என்ன இருக்கும்? "உங்க வீட்டுல செம்பருத்தி இருக்கா?" என்றால் "இருக்கு" என்று ஒரு சொல் வரும், அதோடு பேச்சு முடிந்தது. "மாவுப்பூச்சியை ஒழிக்க நீங்க என்ன செய்வீங்க?" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தெரிந்தவர் இதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதணும். பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் போனைப் பிடித்திருப்பவர் அதைச் செய்ய மாட்டார். தெரியாதவருக்கோ அது பரீட்சைக் கேள்வி, தப்பாகச் சொல்லி நாலு பேர் முன்னால் மாட்டிக்கொள்ள விரும்ப மாட்டார். இரண்டு பேரும் ஒரு லைக்கோடு நகர்ந்துவிடுவார்கள்.

இப்போது இதைப் பாருங்கள்: "உங்க செம்பருத்தியில மாவுப்பூச்சியை முதல்ல எங்க பார்த்தீங்க? மொட்டுக் காம்புலயா, தளிர்லயா, இலைக்கு அடியிலயா, வேற எங்கயாவதா?"

இதற்குப் பதில் சொல்ல நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தவர் யாரும் சொல்லலாம். பதில் ஒரு வரிக்குள் அடங்கும். பார்க்காத ஒருவர் ஊகித்து எழுத முடியாது. முக்கியமாக, வருகிற ஒவ்வொரு பதிலும் அடுத்துப் படிப்பவருக்கு உதவும். பத்துப் பேர் "மொட்டுக் காம்பு" என்றால், பதினோராவது ஆள் நாளைக் காலையில் தன் செடியில் முதலில் அங்கேதான் பார்ப்பார். கேள்வி சரியா என்று சோதிக்க நான் சொல்வது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். வரப்போகிற பதில்களை மனதுக்குள் ஐந்து எழுதிப் பாருங்கள். அந்த ஐந்தையும் படிக்கிற மூன்றாம் ஆளுக்கு ஏதாவது கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் கேள்வியை மாற்றுங்கள்.

தேர்வுகள் கொடுக்கும்போது 1, 2, 3 என்று எண் போடாதீர்கள். எண் போட்டால் "2" என்று மட்டும் பதில் வரும். வார்த்தைகளாகவே விட்டால் "காம்புலதான், எறும்பு ஏறுறதை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்" என்று அடுத்த பாதி வாக்கியம் தானாக ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பாதி வாக்கியத்தில்தான் சரக்கு இருக்கிறது. "வேற எங்கயாவதா" என்று ஒரு வாசலைத் திறந்து வைப்பதும் அதற்காகத்தான். நீங்கள் நினைக்காத பதில் அந்த வழியாகத்தான் வரும்.

கேள்விக்கு மேலே உங்கள் பதிலையே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "எங்க செடியில மொட்டுக் காம்புல பஞ்சு ஒட்டின மாதிரி தெரிஞ்சுது." படிப்பவர்கள் அந்த நீளத்தையும் அந்தத் தொனியையும் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் ஒரு வரி எழுதினால் அவர்களும் ஒரு வரி எழுதுவார்கள். கேள்வியும் ஒன்றே ஒன்று போதும். மூன்று கேள்வி அடுக்கினால் எதற்குச் சொல்வது என்று யோசித்து எதற்கும் சொல்லாமல் போவார்கள். இரண்டாவது கேள்வியைக் கமெண்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எறும்பு என்று ஒருவர் எழுதினால், "எறும்பை முதல்ல தடுத்தீங்களா, இல்ல பூச்சிக்கு முதல்ல தெளிச்சீங்களா?" என்று அவரிடம் மட்டும் கேளுங்கள். மாவுப்பூச்சி சுரக்கிற இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், செடிக்குச் செடி தூக்கிக்கொண்டும் போகும். எறும்பை விட்டுவிட்டுப் பூச்சிக்கு மட்டும் தெளித்தால் மறுபடி வரும். இந்தத் தகவல் உங்கள் ஐந்து படங்களில் இல்லாமல் இருந்திருக்கலாம், இப்போது கமெண்டில் வந்துவிட்டது. அவருக்கு வெறும் "நன்றி" என்று பதில் போட்டிருந்தால் பேச்சு அங்கேயே மூடியிருக்கும்.

"'LINK' என்று கமெண்ட் போடுங்கள், டிஎம்மில் அனுப்புகிறேன்" என்கிற வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை ஏறும், மறுக்கவில்லை. ஆனால் நூறு பேர் ஒரே சொல்லைத் தட்டிய இடத்தில், எறும்பைப் பற்றி எழுதிய அந்த ஒருவரின் வரி புதைந்துபோகும். மறுமுறை அவர் எழுத மாட்டார். ஓட்டுப் போடு, ரியாக்ட் செய், பகிர், நண்பரை டேக் செய், கமெண்ட் போடு என்று கெஞ்சிக் கேட்கிற ஐந்து வகைப் பதிவுகளையும் கீழே தள்ளுவோம் என்று 2017 டிசம்பரில் ஃபேஸ்புக் நிறுவனமே அறிவித்தது. அதே அறிவிப்பில், உதவியோ ஆலோசனையோ பயணக் குறிப்போ கேட்கிற பதிவுகளுக்கு இது பொருந்தாது என்றும் சொன்னார்கள். பதில் தேவைப்பட்டுக் கேட்பதற்கும், எண்ணிக்கை தேவைப்பட்டுக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கே கோடாகப் போடப்பட்டது. உங்கள் மாவுப்பூச்சிக் கேள்வி கோட்டுக்கு இந்தப் பக்கம்.

அடுத்தது சேவ். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கேள்வி கேட்டு சேவ் வாங்க முடியாது. பதில் என்பது வாசகர் உங்களுக்குத் தருவது, சேவ் என்பது அவர் தனக்கு எடுத்துவைப்பது. தலையில் வைத்துக்கொள்ள முடியாததைத்தான் மனிதர்கள் எடுத்துவைப்பார்கள். "வேப்பெண்ணெய் நல்லது" என்பதை யாரும் சேமிக்க மாட்டார்கள், அது நினைவிலேயே நிற்கும். 5 மில்லியா 10 மில்லியா, சோப்பு முதலிலா தண்ணீர் முதலிலா, எத்தனை நாள் இடைவெளி என்பது நிற்காது. ஆகவே அளவும் வரிசையும் இடைவெளியும் ஒரே படத்தில், மற்ற நாலு படங்களைப் பார்க்காமலே புரியும்படி இருக்கணும். சேமித்த பதிவுகளைத் தேடும்போது கண்ணில் படுவது சின்னச் சின்னப் படங்கள்தான். முதல் படத்தில் வெறும் பூ இருந்தால் மூன்று மாதம் கழித்து எந்தப் பூ என்று யாருக்குத் தெரியும்? "மாவுப்பூச்சி: 1 லிட்டருக்கு அளவு" என்று பெரிய எழுத்தில் அந்த முதல் படத்திலேயே இருக்கட்டும்.

"சேவ் பண்ணிக்கோங்க" என்று மட்டும் சொல்லாமல், எப்போது தேவைப்படும் என்று சொல்லுங்கள். "பங்குனி வெயில் ஏறினதும் இந்தப் பூச்சி பெருகும், அப்போ இந்த அளவு வேணும்." மாவுப்பூச்சி வறண்ட வெப்பத்தில்தான் வேகமாகப் பெருகுகிறது, எனவே இது உண்மையான காரணமும்கூட. காரணம் உண்மையாக இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம்.

கேள்வியையும் சேவ் செய்வதையும் இணைக்க ஒரு நேர்மையான வழி உண்டு. "பூச்சி முதல்ல எங்க வருதுன்னு நீங்க சொல்றதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இந்தக் கேப்ஷன்லயே சேர்க்கிறேன்" என்று எழுதுங்கள். பதில் போட்டவருக்குத் தன் வரி பயன்படும் என்று தெரியும், படித்தவருக்குத் திரும்பி வர ஒரு காரணம் கிடைக்கும். இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட பிறகும் கேப்ஷனைத் திருத்தலாம், மூன்று கமெண்டுகள் வரை மேலே பின் செய்தும் வைக்கலாம். ஆனால் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை சேர்க்க வேண்டும். ஒரு முறை ஏமாற்றினால் அடுத்த பதிவில் உங்கள் கேள்வி வெறும் அலங்காரம்.

கேள்வியை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். மேலும் படிக்கத் தட்டும் முன் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான், தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பத்துச் சொல்கூட முழுதாகத் தெரியாது. அங்கே கேள்வியை வைக்காமல், வாசகர் தன் செடியை அடையாளம் காண்கிற வரியை வையுங்கள்: "செம்பருத்தி மொட்டு விரியாம உதிருதா? காம்பைப் பாருங்க." இதிலும் கேள்விக்குறி இருக்கிறதே என்றால், இது பதில் கேட்கிற வரி இல்லை, ஆளை நிறுத்துகிற வரி. பதில் கேட்கிற கேள்வி, அளவெல்லாம் சொல்லி முடித்த பிறகு, தனிப் பத்தியாக, கடைசியில். அதற்குக் கீழே ஹேஷ்டேக் குவியலைத் தவிர்த்தால் நல்லது, கேள்வி அதில் மறைந்துவிடும்.

வேலை செய்ததா என்று பார்க்க மொத்தக் கமெண்ட் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கமெண்டையும் எடுத்து, இதை வேறு எந்தப் பதிவின் கீழ் ஒட்டினாலும் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் கழித்துவிடுங்கள். நாற்பதில் ஆறு மிஞ்சினால் உங்களுக்கு வந்தது ஆறு பதில். சேவ் எண்ணிக்கையைத் தொழில்முறைக் கணக்காக இருந்தால் இன்சைட்ஸில் பார்க்கலாம், யார் சேமித்தார்கள் என்று காட்டாது. அதை ரீச்சால் வகுங்கள். 2,000 பேருக்குப் போய் 60 பேர் சேமித்தால் நூற்றுக்கு மூன்று. இந்த எண்ணை அடுத்தவர் பக்கத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை, உங்களுடைய முந்தைய பத்துப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். சேவ் ஏறி, பதில் ஏறவில்லை என்றால் குறிப்பு நன்று, கேள்வி சரியில்லை. பதில் ஏறி, சேவ் அப்படியே இருந்தால் அளவுப் படத்தைத் திரும்பப் பாருங்கள்.

சில பதிவுகளுக்குக் கேள்வியே கூடாது. குழந்தைக்கு வந்த நோய், கடன் பாக்கி, குடும்பத்துச் சண்டை போன்றவற்றில் பொதுவெளியில் பதில் கேட்டால், சொல்கிறவர் தன் வீட்டு விவரத்தை ஊருக்கே திறந்து வைக்க நேரும். அங்கே அளவோ, முறையோ, போக வேண்டிய இடமோ எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்க விரும்புகிறவர் தனிச்செய்தியில் வருவார்.