ஆமா, நான் சத்தத்த நசுக்கித்தான் படம் பாக்குறேன்

நேத்து அந்த கமெண்ட் சண்டைய பாத்திருப்பீங்க. பெரிய சத்தத்த மட்டும் அமுக்குற நைட் மோடு போட்டு படம் பாக்குறவனுக்கு ரசனையே கிடையாதாம், சவுண்டு பிடிக்கலன்னா வால்யூமை குறைச்சுக்கணுமாம். அடேங்கப்பா, எனக்கு இது தோணவே இல்லையே!

வால்யூமை குறைச்சா வசனமும் சேந்துதான்யா குறையும். இதத்தான் நேத்துலேருந்து கத்திட்டு இருக்கேன்.

டிஜிட்டல் சத்தத்துல 0தான் உச்சம், மத்ததெல்லாம் அதுக்குக் கீழ மைனஸ்ல. ஒரு சீன்ல பேச்சு சராசரியா -27 டெசிபல்ல இருக்கு, குண்டு -7ல வெடிக்குதுன்னு வைங்க. நடுவுல 20 டெசிபல். வால்யூமை எங்க வச்சாலும் அந்த 20 அப்படியேதான் இருக்கும். நைட் மோடுக்குள்ள வேல செய்யுற கம்ப்ரெசர்தான் அந்த இடைவெளியவே சுருக்குது. VLC பிளேயர்ல Tools > Effects and Filters போயி Audio Effects-ல Compressor-ஐ ஆன் பண்ணி, Threshold -27, Ratio 4 வச்சா, அந்தக் கோட்டுக்கு மேல போற ஒவ்வொரு 4 டெசிபலும் 1 ஆயிடும். 20 டெசிபல் தாண்டுற குண்டு 5தான் தாண்டும், பேச்சு கிட்டத்தட்ட இருந்த இடத்துலயே இருக்கும்.

குழந்தை பொறந்த புதுசுல நான் ரிமோட்ட கையிலயே வச்சிட்டு உக்காந்திருப்பேன், கிசுகிசுன்னு பேசுனா ஏத்தணும், கார் வெடிச்சா இறக்கணும், ஒரு செகண்டு லேட்டானா தொட்டில்லேருந்து அழுகை, அப்புறம் பாதி ராத்திரி தோள்ல போட்டு நடக்கணும். இதுல ரசனை எங்க வந்துச்சு?

"ஹெட்போன் போடு"ங்குறாங்க. ரெண்டு பேர் சேந்து பாக்கணும்னா? "கம்ப்ரெஸ் பண்ணா குவாலிட்டி போயிடும்"னு ஒருத்தர். சார், அது ஃபைல் சைஸ குறைக்கிற கம்ப்ரெஷன், இது வேற.

"டைரக்டர் நினைச்ச தாக்கம் போயிடுமே"ன்னா, போகும், ஒத்துக்குறேன். தியேட்டர்ல ஒரு ஸ்பீக்கர் 105 டெசிபல் வரைக்கும் போறதுக்குன்னு மிக்ஸ் பண்ணது என் ஹால்ல ராத்திரி ரெண்டு மணிக்கு அப்படியே வராது. ஆனா அதே டைரக்டர் வசனம் கேக்கணும்னும்தானே நினைச்சிருப்பாரு?

குறையும் இருக்கு. Attack ரொம்ப அதிகமா, 200 மில்லிசெகண்டுன்னு இருந்தா கம்ப்ரெசர் முழிக்கிறதுக்குள்ள முதல் 'டம்' தப்பிச்சு வந்துடும், அதனால 10 கிட்ட வைப்பேன். Release, அதாவது அமுக்குனத விடுறதுக்கு எடுக்குற நேரம், ரொம்பக் கம்மியா இருந்தா ஒவ்வொரு சத்தத்துக்கு அப்புறமும் மழை இரைச்சல் குபுக்குன்னு மேல எழும்பும், மூச்சு வாங்குற மாதிரி. ரொம்ப நீட்டுனா வெடிச்ச உடனே பேசுற வார்த்தை அமுங்கிப் போகும். எனக்கு 300 ஒத்து வருது. Makeup gain-ஐ அள்ளிப் போட்டா எல்லாமே தூக்கும், குண்டும் சேத்துதான்.

இவ்வளவு நேரம் காது குடுத்து ஒவ்வொரு ஸ்லைடரா நகத்தி வச்சவன்தான் ரசனை கெட்டவனாம். சொன்னது யாரோ இல்ல, பதினஞ்சு வருஷமா கூட உக்காந்து படம் பாத்தவன். அதான் வலிக்குது.

நேத்து ராத்திரியும் நசுக்கித்தான் பாத்தேன். கிளைமாக்ஸ்ல அப்பன் மகன்கிட்ட முணுமுணுக்குறது ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு, பின்னாடி கட்டடம் சரியுது, குழந்தை திரும்பிக்கூட படுக்கல.